மூன்றே கால் வயது மகள் செவிப்புலன் சோதனை அறையைக் கண்டாலே குளறுகிறாள், 18 நாளில் மறுபடி போகவேணும்

உவர்மலை_தாய் (திங்கள் இரவு)

மகளுக்கு மூன்று வயதும் நான்கு மாதமும். நேசரி ரீச்சர்தான் முதலில் சொன்னார், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்னால் போய்ச் சொன்னால் எல்லாம் செய்கிறாள் என்று. வீட்டில் ரிவிக்குக் கிட்டப் போய் நிற்பதை நாங்கள் செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காது டொக்டர் பார்த்துவிட்டு, கேட்கும் அளவைச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்.

போன கிழமை போனோம். எந்த இடம் என்று எழுதவில்லை, அவர்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மாதிரி, கதவு பெட்டகக் கதவு மாதிரித் தடிப்பு. அந்தக் கதவு சாத்தினதும் பிள்ளை என் கழுத்தைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. ஹெட்போனைக் காட்டினதும் குளறல். அரை மணித்தியாலம் போனது, படிவத்தில் "சோதிக்க முடியவில்லை" என்று எழுதித் தந்தார்கள். அடுத்த தவணைக்கு இன்னும் 18 நாள்.

என் பிழை ஒன்றும் இருக்கிறது. போகும் வழியில் ஓட்டோவுக்குள் "ஊசி போடமாட்டினம், பயப்படாதே" என்று நானே சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் அவள் ஊசியை நினைக்கவே இல்லை. அதற்குப் பிறகு இறங்கும் வரைக்கும் "ஊசி எங்க?" என்றே கேட்டுக்கொண்டு வந்தாள்.

இந்த 18 நாளில் நான் என்ன செய்யலாம்? அங்கே விளையாட்டு மாதிரித்தான் சோதிப்போம் என்கிறார்கள், அது என்ன விளையாட்டு?

நிலாவெளிக்காரன்

தங்கச்சி, இதற்கு இவ்வளவு யோசிக்காதீங்கோ. பிள்ளை வேறெதிலோ கவனமாக இருக்கும்போது பின்னால் போய்க் கைதட்டிப் பாருங்கோ. திரும்பினால் காது சரி. என் மூத்தவனும் மூன்று வயது வரைக்கும் கூப்பிட்டால் திரும்பமாட்டான், இப்ப ஏ.எல் படிக்கிறான். அதோடு இளஞ்சூட்டில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டால் ஊத்தை இளகும்.

கேள்வி_அறை

16 வருடமாக இந்த அறைக்குள்தான் வேலை. கிழக்கில் மூன்று ஊரில் பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்பதை விடுவோம்.

முதலில் எண்ணெய். டொக்டர் சொல்லாமல் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். இல்லாவிட்டாலும் சோதனை நாளன்று காதுக்குள் எண்ணெய் மிதந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

கைதட்டல் விஷயத்தில் அண்ணன் பாதி சரி. கைதட்டலுக்கும் திரும்பாத பிள்ளை என்றால் அது பெரிய எச்சரிக்கை, உடனே பார்க்கவேணும். ஆனால் திரும்பினதால் காது சரி என்று சொல்ல முடியாது. கைதட்டல் பெரிய சத்தம். ஒரு காது மட்டும் நன்றாக இருந்தாலே பிள்ளை திரும்பிவிடும். இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்திருக்கிற பிள்ளையும் கைதட்டலுக்குத் திரும்பும், ஆனால் பக்கத்து அறையிலிருந்து "சோறு சாப்பிட வா" என்றால் பாதிதான் கேட்கும். முன்னால் போய்ச் சொன்னால் எல்லாம் செய்கிறாள், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாய் எழுதினது எனக்கு அந்தக் கதையைத்தான் ஞாபகப்படுத்துகிறது. சோதிக்காமல் அதைத் தீர்ப்பாகச் சொல்லமாட்டேன்.

இனி விளையாட்டு. பிள்ளையின் கையில் ஒரு கட்டை, முன்னால் ஒரு வாளி. சத்தம் கேட்டதும் கட்டையை வாளிக்குள் போடவேணும். அவ்வளவுதான். இரண்டரை வயது தொடங்கி ஐந்து வயது வரைக்கும் இதைத்தான் செய்கிறோம். பெரியவர்களுக்குக் கொடுக்கிற பொத்தானும் இதே வேலைதான். என்ன, பொத்தானை அமத்துவது மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் தடவையே சலித்துவிடும்.

பிள்ளைகளுக்கு இதில் கஷ்டமான பகுதி கேட்பது இல்லை. காத்திருப்பது. கையில் கட்டை இருக்கிறது, வாளி முன்னால் இருக்கிறது, சத்தம் வரும்வரைக்கும் போடாமல் இருக்கவேணும். சோதனை குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே வீட்டில் பழக்குவதென்றால் ஹெட்போனுக்கும் முன்னம் இந்தக் காத்திருத்தலைப் பழக்குங்கோ. கட்டையை வாளிக்கு மேலே பிடிக்க விடாதீங்கோ. கன்னத்திலோ காதுப் பக்கத்திலோ பிடித்துக்கொண்டிருக்கட்டும். அங்கே பிடித்தால் கை தானாக விழாது, சத்தம் வந்தபிறகுதான் வாளிக்குப் போகும்.

உவர்மலை_தாய்

மிக்க நன்றி அண்ணா. எதைக் கொண்டு சத்தம் எழுப்புவது? அவளுக்குக் காது கேட்காமலே இருந்தால் விளையாட்டே விளங்காதே? அப்ப பயத்தால் போடவில்லையா, கேட்காமல் போடவில்லையா என்று எப்படித் தெரியும்?

கேள்வி_அறை

நல்ல கேள்வி. எங்கள் தொழிலில் பாதிக் குழப்பம் இங்கேதான்.

வீட்டில் முதல் இரண்டு நாள் சத்தத்தை ஒளிக்கவேண்டாம். ஒரு டின்னும் கரண்டியும் போதும். அவள் பார்க்கப் பார்க்கத் தட்டுங்கோ, கூடவே அவள் கையைப் பிடித்துக் கட்டையைப் போடுங்கோ. மூன்று நான்கு தடவை கையைப் பிடித்து, அப்புறம் கையை விட்டுப் பாருங்கோ. அவள் தானாகப் போடத் தொடங்கினதும் டின்னை ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைத்துத் தட்டுங்கோ. அதற்கும் அடுத்து இடைவெளியை மாற்றுங்கோ. ஒரு தடவை உடனே, ஒரு தடவை பத்து விநாடி ஒன்றும் இல்லாமல். ஒரே தாளத்தில் தட்டினால் பிள்ளை சத்தத்தைக் கேட்கமாட்டாள், தாளத்தை எண்ணுவாள்.

கேட்காத பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது என்றால், எங்களிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கிறது. தடித்த, கீழ்ச்சுருதிச் சத்தத்தைப் பலமாகப் போட்டால் அது கையிலேயே அதிரும், கைத்தொலைபேசி அதிர்வது மாதிரி. அதைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து "அதிர்ந்ததும் போடு" என்று பழக்குவோம். அதற்குக் காதே தேவையில்லை. அதிர்வுக்குக் கட்டையைச் சரியாகப் போடுகிற பிள்ளை, அதே விளையாட்டில் ஹெட்போன் சத்தத்துக்குப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், விளையாட்டு விளங்கிவிட்டது, கேட்கவில்லை என்று அர்த்தம். அதிர்வுக்கும் போடாவிட்டால் விளையாட்டே இன்னும் விளங்கவில்லை. காதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு நாள் வரச் சொல்வோம். உங்கள் படிவத்தில் "முடியவில்லை" என்று எழுதினது இந்த இரண்டாவது வகைதான். அதைக் கெட்ட செய்தியாக எடுக்கவேண்டாம்.

ஹெட்போனை வேறாகப் பழக்குங்கோ. விளையாட்டோடு முதல் நாளே சேர்க்காதீங்கோ. வீட்டில் பழைய ஹெட்போன் இருந்தால் பொம்மைக்கு, அப்பாவுக்கு, பிறகு அவளுக்கு. முதலில் தலையில் தொட்டு எடுக்கும் அளவு, பிறகு ஐந்து எண்ணும் வரை, பிறகு ஒரு பாட்டு முடியும் வரை. எங்கள் ஹெட்போன் வீட்டு ஹெட்போனைவிடப் பாரம், இறுக்கமும் கூட. அதைச் சொல்லி வையுங்கோ.

தம்பலகாமம்_தம்பி

எங்கள் அப்பாவுக்கு 71 வயது, ரிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார், சோதனைக்கு வா என்றால் வரமாட்டன் என்கிறார். அவருக்கும் இந்தக் கட்டை விளையாட்டு சரிவருமா? இல்லாவிட்டால் நேரே மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி_அறை

தம்பி, இது சின்னப் பிள்ளையின் கதை. அப்பாவுக்குப் பொத்தான் போதும், கட்டையைக் கொடுத்தால் எழும்பிப் போய்விடுவார். சோதிக்காமல் மெஷின் வாங்கவேண்டாம். மெஷினை அந்தந்தக் காதின் அளவுக்குச் சரிசெய்துதான் போடவேணும். வேறொரு பதிவாகப் போடுங்கோ, அங்கே எழுதுகிறேன்.

கிண்ணியா_உம்மா

எங்கட மகனுக்கும் நாலு வயதில் இதே கதை. நான் செய்த பிழையைச் சொல்கிறேன், தங்கச்சி செய்யாமல் இருக்கட்டும்.

அவன் என் மடியில் இருந்தான். சத்தம் எனக்கும் மெல்லக் கேட்டது. அவன் போடாமல் இருந்தால் எனக்குத் தாங்காது, தொடையை மெல்ல அசைப்பேன். அவன் உடனே போடுவான். எனக்கு அவ்வளவு சந்தோசம். சோதிக்கிற மிஸ் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மூன்று தடவை சத்தமே போடாமல் இருந்து பார்த்தாராம். நான் மூச்சு வாங்கினதுக்கும் அவன் கட்டையைப் போட்டிருக்கிறான். "உம்மா, நீங்கள்தான் சோதனை செய்றீங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றைய கணக்கெல்லாம் வீண். அடுத்த முறை நான் வெளியே நின்றேன், வாப்பா மட்டும் உள்ளே, நல்லா முடிந்தது. எனக்கு என்னவோ தாய் வெளியே நிற்பதுதான் சரி.

அவன் ஹெட்போனையும் போடவில்லை. கடைசியில் ஸ்பீக்கரில் சோதித்தார்கள். எல்லாம் சரிபோல வந்தது. நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து ஹெட்போன் போட்டபிறகுதான் இடது காதில் குறை இருப்பது தெரிந்தது.

கேள்வி_அறை

உம்மா சொன்ன கடைசி விஷயத்தைக் கவனியுங்கோ. ஸ்பீக்கரில் வரும் சத்தம் இரண்டு காதுக்கும் போகும். நல்ல காது கேட்டதும் பிள்ளை கட்டையைப் போட்டுவிடும். அந்தக் கணக்கு நல்ல காதின் கணக்கு மட்டும்தான். ஒன்றுமே இல்லாததைவிட அது நல்லது, பேச்சு பழகுவதற்கு ஒரு காதாவது இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அதோடு விட்டுவிடக்கூடாது. ஹெட்போனுக்குப் பயந்த பிள்ளைக்கு நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. தலைப்பட்டியை மாட்டாமல் ஒரு பக்கக் கிண்ணத்தை மட்டும் தகப்பன் கையால் காதில் பிடிக்கலாம். சரியாகப் பொருந்தாததால் சத்தம் கொஞ்சம் கசியும், தடித்த சத்தம்தான் கூடுதலாகக் கசியும். ஆனாலும் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

தாய் உள்ளேயா வெளியேயா என்பதில் உம்மாவோடு நான் உடன்படவில்லை. முதல் தடவையே குளறின பிள்ளையிடமிருந்து தாயை வெளியே அனுப்பினால் கதவுதான் இன்னும் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில், பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

சல்லி_அக்கா

எல்லோரும் பழக்கிவிட்டால் வரும் என்பது போலக் கதைக்கிறீர்கள். என் மகனுக்கு ஓட்டிசம். மூன்று தடவை போனோம். கட்டையை வரிசையாக அடுக்குவான், வாளிக்குள் போடமாட்டான். ஹெட்போனைத் தொடவே விடமாட்டான். வீட்டில் ஒரு மாதம் டின் தட்டினேன், அவனுக்கு டின்தான் பிடித்தது, விளையாட்டு பிடிக்கவில்லை. கடைசியில் தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், நித்திரைக்கு மருந்து கொடுத்துத்தான். அந்தத் தங்கச்சிக்கும் அதையே நேரே கேட்டுச் செய்யச் சொல்லலாமே? இந்த அழுகை எதற்கு?

நிலாவெளிக்காரன்

அதுதான் நானும் சொல்ல வந்தேன். தூங்கும்போது எடுத்தால் பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தலையிடி இல்லை.

கேள்வி_அறை

சல்லி அக்கா, உங்கள் மகனுக்கு நடந்தது சரியான முடிவு. மூன்று தடவை பார்த்து வராவிட்டால் அந்த வழிக்குத்தான் போகவேணும். பழக்கினால் எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று நான் சொன்ன மாதிரித் தெரிந்திருந்தால் என் எழுத்துப் பிழை.

ஆனால் மூன்றே கால் வயதில், பயந்ததைத் தவிர வேறு குறையில்லாத பிள்ளைக்கு நேரே மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதை நான் விரும்பவில்லை. நித்திரை மருந்துக்கு டொக்டரும் தாதியும் பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கவேணும், சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுவார்கள். அடுத்தது, தூக்கத்தில் எடுப்பது காதிலிருந்து மூளைத்தண்டு வரைக்கும் சத்தம் போகும்போது எழும் மின் அலைகளை. அதிலிருந்து கேட்கும் அளவை மதிப்பிடலாம், ஓரளவு கிட்டவும் வரும். ஆனால் பிள்ளை "கேட்டது" என்று கையால் காட்டுவது வேறு. விளையாட்டுச் சோதனை ஒழுங்காக முடிந்தால் அதற்கு மேல் நம்பக்கூடியது இந்த வயதில் இல்லை.

நடுவில் இன்னும் இரண்டு சின்னச் சோதனை இருக்கிறது. காதுக்குள் ரப்பர் முனை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது ஒன்று. சில விநாடிதான், ஆனால் அழுதால், விழுங்கினால் கோடு குழம்பும். உள்காதிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒலியை எடுப்பது மற்றது. பிள்ளை ஒன்றும் செய்யத் தேவையில்லை, சத்தம் போடாமல் இருந்தால் போதும். ஆனால் நடுச்செவியில் நீர் இருந்தால் அந்த ஒலி வெளியே வராது, உள்காது நல்லதென்றாலும் "இல்லை" என்று காட்டும். பயந்த பிள்ளைக்கு நான் விளையாட்டைத்தான் முதலில் செய்வேன். காதுக்குள் எதையாவது நுழைத்துவிட்டால் அப்புறம் கட்டையைத் தொடமாட்டாள்.

உவர்மலை_தாய் (எட்டாம் நாள்)

எட்டு நாள் ஓடிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் புளியங்கொட்டையை வைத்து விளையாடினோம், அண்ணா இதைப் படித்தால் ஏசுவீர்கள். ஒன்றை மூக்குக்குள் விட்டுப் பார்த்தாள், நல்ல காலம் தும்மலோடு வந்துவிட்டது. அன்றோடு கொட்டைக்குப் பதில் உடுப்புக் காயப் போடுகிற கிளிப். டின் பழைய பால்மா டின், சிவப்புத் தாள் ஒட்டினேன். கிளிப் விழும்போது "டக்" என்ற சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் சாமி அறை மணியைப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து அடித்தேன். எல்லாம் சரியாகப் போட்டாள், பத்துக்குப் பத்து. நான் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "பாருங்கோ, காது நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "மணி அடிக்காமல் கையை மட்டும் தூக்கு" என்றார். தூக்கினேன். கிளிப்பைப் போட்டாள். மணி அடிக்க முன்னம் என் காப்பு கிலுங்குகிறது, தோள் அசைகிறது, அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காப்பைக் கழற்றிவிட்டு அவர் கதவுக்குப் பின்னால் நின்று அடித்தார். பத்தில் ஆறு. மெல்ல அடித்தால் மூன்று. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

ஹெட்போன்: அண்ணன் பிள்ளையின் கேம் விளையாடுகிற பெரிய ஹெட்போன். பிரெட்ரிக் கோட்டையில் பார்த்த மானுக்குத்தான் முதலில் போட்டாள், அதாவது மான் பொம்மைக்கு. அது "கேட்டுது" என்று சொன்னதாம். இப்ப இரண்டு நிமிடம் வைத்திருக்கிறாள்.

கேள்வி_அறை

காப்பைக் கண்டுபிடித்தீர்களே, நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் முதல் மாதம் சொல்லிக் கொடுப்பது. சுட்டியான பிள்ளை கண்ணால் கேட்கும். சோதிக்கிறவர் பொத்தானை அமத்தும்போது மேலே பார்த்தால் கூடப் பிடித்துக்கொள்ளும்.

பத்தில் ஆறு, மூன்று என்பதைக் கணக்காக எடுக்காதீங்கோ. வீட்டு மணி எவ்வளவு சத்தம் என்று எங்களுக்குத் தெரியாது, வெளியே ஓட்டோ போயிருக்கும், விளையாட்டு சலித்திருக்கும். வீட்டில் சோதிக்கவேண்டாம், பழக்குங்கோ. இனி அவளுக்கு வடிவாகக் கேட்கிற சத்தத்தையே அடியுங்கோ, எப்போதும் வெற்றியாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். அவள் "இன்னும்" என்று கேட்கும்போது நிறுத்துங்கோ.

போகும் நாளில் "சோதனை", "ஊசி", "பயப்படாதே" மூன்றும் வேண்டாம். "அந்த மாமா வீட்டிலயும் டக் விளையாட்டு இருக்கு, சின்னக் குருவி மாதிரிச் சத்தம் வரும், வந்ததும் போடுவம்" என்றால் போதும். சிவப்பு டின்னையும் கிளிப்பையும் கொண்டு போங்கோ. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து விளையாட்டைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கோ. பழக்கும் சத்தம் பலமானதுதான், கதவு திறந்திருந்தாலும் பரவாயில்லை. மெல்லிய சத்தத்துக்குப் போகும்போது சாத்தலாம். சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பின நேரமாகப் பார்த்துப் போங்கோ.

கிண்ணியா_உம்மா

சளி பிடித்தால் தள்ளிப்போடவா?

கேள்வி_அறை

தொலைபேசியில் கேட்டுவிட்டு முடிவெடுங்கோ. காய்ச்சலென்றால் பிள்ளை ஒத்துழைக்காது. வெறும் மூக்குச் சளி என்றால் நான் வரச் சொல்வேன், சளி நாளில் எப்படிக் கேட்கிறது என்பதும் ஒரு தகவல். மற்றவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

உவர்மலை_தாய் (சோதனை முடிந்த பின்னேரம்)

முடிந்தது! முழுதாக இல்லை, ஆனால் முடிந்தது.

தொடங்கும்போது கதவு திறந்தே இருந்தது. முதலில் டின்னும் கிளிப்பும் எங்களுடையது. அந்த அதிர்கிற சாமானை மானின் வயிற்றில் வைத்தார்கள், பிறகு அவள் கையில். நான்கு தடவைதான், அவளே போடத் தொடங்கினாள். ஹெட்போனுக்கு முகம் சுளித்தாள், மானுக்கு வீட்டு ஹெட்போனைப் போட்டதும் சரி என்றாள். சத்தம் வரும் வரைக்கும் கிளிப்பைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள், கன்னத்தில் இரண்டு கோடு பதிந்துவிட்டது.

சோதிக்கிறவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதில் ஒரு சத்தம் நன்றாகக் கேட்கிற அளவில், கேட்டுப் போட்டதும் 10 டெசிபெல் குறைத்தார், இன்னும் 10, அவள் போடாதபோது 5 கூட்டினார். அதே சத்தத்தை உடனே இடது காதுக்கு மாற்றினார். இடையில் நீண்ட நேரம் ஒன்றுமே போடவில்லை, அவள் கிளிப்போடு சிலை மாதிரி இருந்தாள். எனக்குத்தான் மூச்சு முட்டியது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் உம்மா, சத்தியமாக.

வலது காது: 2000 ஹேர்ட்ஸ் சுருதியில் 20 டெசிபெல், 500 இல் 25. இடது காது: 2000 இல் 40, 500 இல் 45. அதற்குப் பிறகு 4000 தொடங்கினார், வலதுக்கு 20 வந்தது. இடதுக்குப் போகும்போது கிளிப்பை எல்லாம் ஒரேயடியாக டின்னுக்குள் கொட்டிவிட்டுச் "முடிஞ்சுது" என்றாள். பலமான சத்தத்துக்குத் திரும்பிப் போய், வாளியை மாற்றி, ஒரு வளையக் கோபுரம் கொடுத்துப் பார்த்தார். இல்லை. மொத்தம் 14 நிமிடம்.

காற்றழுத்தச் சோதனையில் இடது பக்கம் கோடு மட்டம், மலை மாதிரி ஏறவே இல்லை. எலும்பு வழிச் சத்தம் 2000 இல் மட்டும் ஒன்று, அது 10 இல் கேட்டது. இதற்கு என்ன அர்த்தம் அண்ணா? டொக்டரிடம் நாளைதான் போகிறோம்.

கேள்வி_அறை

டொக்டர் சொல்வதுதான் முடிவு. நான் கோட்டைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்கிறேன்.

வலது காது இந்த வயதுக்குப் பெரிய குறையில்லை. 500 இல் 25 என்பதை அடுத்த முறை மறுபடி பார்ப்பார்கள். இடதில் 40, 45 என்றால் அந்தப் பக்கத்திலிருந்து சாதாரணமாகக் கதைப்பது மங்கித்தான் கேட்கும். மட்டமான கோடு நடுச்செவியில் நீர் இருக்கலாம் என்கிறது, இந்த வயதில் அடிக்கடி வருவதுதான். காதுச் சோதனையை ஏன் 2000 இல் தொடங்கி உடனே மற்றக் காதுக்குப் போனார் என்பது இப்ப விளங்கியிருக்கும். ஒரு காதை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போயிருந்தால், அவள் கிளிப்பைக் கொட்டும்போது இடது காதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வீட்டுக்கு வந்திருப்பீர்கள்.

எலும்பு வழியில் 10 என்பதில்தான் கவனம். காதுக்குப் பின்னால் வைத்த அதிர்வு மண்டையோட்டில் இரண்டு பக்கத்துக்கும் போகும். ஆகவே அந்த 10 வலது உள்காது கேட்டதாகவும் இருக்கலாம். இடது உள்காது நல்லதுதான் என்று உறுதிப்படுத்த, வலது காதுக்கு இரைச்சல் போட்டு அதை வேலையில்லாமல் வைத்துக்கொண்டு இடதைச் சோதிக்கவேணும். மூன்று வயதில் "இரைச்சலை விடு, குருவிக்கு மட்டும் போடு" என்றால் குழம்பிவிடுவார்கள். நீர் வடிந்தபின் இடது காதை மறுபடி பார்ப்பது அதைவிட எளிது.

சல்லி_அக்கா

அப்ப இன்னும் ஒன்றும் தெரியாது என்றுதானே சொல்கிறீர்கள்?

கேள்வி_அறை

இடது உள்காதைப் பற்றி, ஆம். நீர்தான் காரணம் என்று நான் பந்தயம் கட்டுவேன், ஆனால் எழுதிக் கையொப்பம் வைக்கமாட்டேன்.

உவர்மலை_தாய்

டொக்டரிடம் போய்வந்தோம். நீர் என்றுதான் அவரும் நினைக்கிறார். மூன்று மாதம் பார்ப்போம், பலருக்குத் தானாக வடியும், வடியாவிட்டால் அடுத்ததைக் கதைப்போம் என்றார். நேசரியில் வலது காது ரீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி முன் வரிசையில் இருத்தச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை, 4000 இடது அன்றைக்குத்தான்.

அதுவரைக்கும் விளையாட்டை விடாமல் வைத்திருக்க நினைத்தேன். ஆனால் டின்னுக்குள் இப்ப ஆறு கிளிப்தான் மிச்சம். மற்றதெல்லாம் அம்மம்மா உடுப்புக்கொடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.